கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அட்டவணை: டெசராக்ட் பாதி வரிகளை விட்டுவிடுகிறது

மில்காரன்

நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் ரிங் ஃபிரேம்களின் ஷிஃப்ட் கணக்கு ஒரு பேனல் கணினித் திரையில் அட்டவணையாக வரும். இயந்திர எண், கவுண்ட், ஸ்பிண்டில் வேகம், உற்பத்தி கிலோ, செயல்திறன் சதவீதம், இழை அறுப்பு, இப்படிப் பத்திகள். பழைய மென்பொருள் என்பதால் எக்செலுக்கு மாற்றும் வசதி எதுவும் கிடையாது, திரையைப் படமாகச் சேமிக்க ஒரு பொத்தான் மட்டும் உண்டு. அப்படிச் சேமித்த பிஎன்ஜி படங்கள் ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடக்கின்றன. 1366×768 அளவு. அதிலிருந்து கிலோவையும் அறுப்பையும் எடுத்து மாத வாரியாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பின்னணி கருநீலம், எழுத்து வெள்ளை. அதனால் ஓப்பன்சிவியில் நிறத்தைத் தலைகீழாக்கி, ஓட்சு முறையில் கறுப்பு வெள்ளையாக்கி, அப்புறம் டெசராக்டுக்குக் கொடுக்கிறேன்.

```python
g = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2GRAY)
g = cv2.bitwise_not(g)
_, b = cv2.threshold(g, 0, 255, cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
```

சாதாரண வரிகள் நன்றாகவே வருகின்றன. ஆனால் செயல்திறன் குறைந்தால் கட்டம் ஆரஞ்சு நிறமாகிவிடும், அந்தக் கட்டம் வெறுமையாக வருகிறது. மௌசில் தேர்ந்தெடுத்த வரி வெளிர் சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்தாக மாறும், அந்த வரியே வெளியீட்டில் இல்லை. நின்றுபோன இயந்திரத்தின் எண்கள் சிவப்பு எழுத்தில் வரும், அவையும் பாதிதான் கிடைக்கின்றன. எங்கே பிடிப்பது?

தேனிப்பாண்டி

இதற்கு எதற்கு இவ்வளவு கோடு? விண்டோஸ் மேக்னிஃபயரைத் திறந்து Ctrl+Alt+I அழுத்துங்கள், திரை முழுக்க நிறம் தலைகீழாகிவிடும். எனக்கும் கறுப்பில் வெள்ளை எழுத்து படித்தால் கண் கூசும், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

மில்காரன்

நன்றி பாண்டி அண்ணா. ஆனால் நான் கண்ணால் படிப்பதற்காகக் கேட்கவில்லை. படத்தில் இருக்கும் எண்களைக் கணினியே படித்து அட்டவணையாக்க வேண்டும்.

கோடுவேலன்

நீங்கள் தலைகீழாக்கவே தேவையில்லை. டெசராக்ட் தானாகவே அதைப் பார்த்துக்கொள்ளும், உள்ளுக்குள் அதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. சும்மா படத்தை அப்படியே கொடுத்துப் பாருங்கள். வேண்டுமானால் படத்தின் சராசரி வெளிச்சம் 127-க்குக் கீழே இருந்தால் தலைகீழாக்கு என்று ஒரு வரி போட்டால் போதும். நான் பில்களுக்கு அப்படித்தான் செய்கிறேன், பிரச்சினை வந்ததில்லை.

நிழல்படம்

வேலன் சொல்வதில் பாதி சரி. டெசராக்டில் அந்த வசதி இருப்பது உண்மைதான். 5-ஆம் பதிப்பில் `invert_threshold` என்று பெயர், இயல்பாக 0.7 இருக்கும். ஒரு வரியைப் படித்து நம்பிக்கை அளவு அதற்குக் கீழே போனால் அதே வரியைத் தலைகீழாக்கி இன்னொரு முறை படித்துப் பார்க்கும். கவனிக்க வேண்டியது "வரி" என்பதை. இந்தச் சோதனை நடப்பது வரிகளைக் கண்டுபிடித்து முடித்த பிறகு. எது வரி, எது படம், எது கோடு என்று பிரிக்கும் வேலை அதற்கு முன்பே, கறுப்பு வெள்ளையாக்கிய படத்தின் மேல் நடந்து முடிந்துவிடும். அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் பட்டையைப் "படம்" என்று ஒதுக்கிவிட்டால், பிறகு தலைகீழாக்கிப் பார்க்க வரியே இருக்காது. மில்காரனுக்குத் தேர்ந்தெடுத்த வரி தப்பாகக்கூட வராமல் காணாமலே போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும். குப்பையாக எழுத்து வந்தால் படிக்கும் கட்டத்தில் கோளாறு, எதுவுமே வராவிட்டால் பிரிக்கும் கட்டத்தில் கோளாறு. முதலில் இதைப் பிரித்துப் பார்த்தால் பாதி நேரம் மிச்சம்.

டெசராக்ட் உள்ளே என்ன பார்க்கிறது என்று தெரிய வேண்டுமானால் இப்படி ஓட்டுங்கள், அது பயன்படுத்திய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தனிக் கோப்பாகப் போட்டுவிடும்:

```
tesseract shift.png out --psm 6 -c tessedit_write_images=1
```

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கே அதில் எண் தெரியவில்லை என்றால் டெசராக்டின் அமைப்புகளை மாற்றிப் பயனில்லை.

சராசரி 127 என்கிற விதி பில்லுக்குப் போதும், ஏனென்றால் பில் முழுக்க ஒரே பின்னணி. இந்தத் திரையில் கருநீலம், ஆரஞ்சு, வெளிர் சாம்பல் மூன்றும் ஒரே படத்தில் இருக்கின்றன. முழுப் படத்துக்கும் ஒரே முடிவு எடுத்தால் யாராவது ஒருவர் பலியாகத்தான் வேண்டும்.

மில்காரன், அந்த நிறங்களின் ஆர்ஜிபி மதிப்பு என்ன என்று ஏதாவது பெயின்ட் மென்பொருளில் பார்த்துச் சொல்ல முடியுமா?

மில்காரன்

பார்த்துவிட்டேன் சார். வரிசை சிவப்பு, பச்சை, நீலம்.

கருநீலப் பின்னணி 16, 24, 48. சாதாரண எழுத்து முழு வெள்ளை 255. ஆரஞ்சுக் கட்டம் 255, 165, 0, அதில் எழுத்து வெள்ளை. தேர்ந்தெடுத்த வரி 200, 200, 200, எழுத்து கறுப்பு. நின்ற இயந்திரம் கருநீலத்தின் மேல் 255, 0, 0.

நிழல்படம்

அருமை, இதை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சாம்பலாக்கும்போது ஓப்பன்சிவி சிவப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 என்று பெருக்கிக் கூட்டும்.

கருநீலம் 24 ஆகும். வெள்ளை 255. இவை இரண்டும்தான் படத்தில் அதிகம், அதனால் ஓட்சு இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவில் எங்கோ, ஏறக்குறைய 120, 140 பக்கம் கோடு கிழிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆரஞ்சைப் பாருங்கள். 0.299×255 என்பது 76, 0.587×165 என்பது 97, மொத்தம் 173. எழுத்து 255. இரண்டுமே கோட்டுக்கு மேலே. ஆக ஆரஞ்சுக் கட்டமும் அதன் எழுத்தும் ஒரே பக்கம் விழுந்துவிட்டன, தலைகீழாக்கிய பிறகு அது முழுக் கறுப்புச் சதுரம். எண் அழிந்துவிட்டது, எந்த அமைப்பாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெளிர் சாம்பல் வரி 200, அதுவும் கோட்டுக்கு மேலே. தலைகீழாக்கிய பிறகு கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்து. எண் அழியவில்லை, ஆனால் நீங்கள் எதிலிருந்து தப்பிக்க நினைத்தீர்களோ அதே நிலைக்கு அந்த வரி போய்விட்டது.

சிவப்பு எழுத்து 76. பின்னணி 24. இரண்டும் கோட்டுக்குக் கீழே, எழுத்து பின்னணியோடு கலந்துவிட்டது. உங்களுக்குப் பாதியாவது கிடைக்கிறது என்றால் அது ஓட்சு சில படங்களில் கோட்டைக் கீழே இறக்கியதால்தான் இருக்கும்.

மூன்று கோளாறுக்கும் மருந்து ஒன்றுதான்: முடிவைக் கட்டத்துக்குக் கட்டம் தனியாக எடுப்பது. உங்களுக்கு இது எளிது, ஏனென்றால் திரை அமைப்பு மாறாது. பத்திகளின் இட வல எல்லை, வரிகளின் மேல் கீழ் எல்லை, இவற்றை ஒரே முறை அளந்து எழுதி வைத்துவிட்டால் கட்டக் கோடுகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையே வேண்டாம்.

ஏட்டுச்செல்வி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல். நான் வைத்திருப்பது கணினித் திரையிலிருந்து எடுத்த படம் அல்ல, நெகடிவ் மைக்ரோஃபிலிமிலிருந்து ஸ்கேன் செய்த பழைய மக்கள்தொகை அட்டவணைகள். கறுப்பில் வெள்ளை எழுத்து. ஓரங்கள் ஒரு வெளிச்சம், நடுவில் ஒரு வெளிச்சம், அதனால் ஓட்சு சரிவராது என்று `adaptiveThreshold` போட்டேன். எல்லா எழுத்தும் வெறும் ஓரக்கோடாக, உள்ளே காலியாக வருகிறது. அதற்கப்புறம் தலைகீழாக்கினாலும் அதே ஓரக்கோடுதான், நிறம்தான் மாறுகிறது. இதற்கும் கட்டம் கட்டமாகப் பிரிப்பதுதான் வழியா?

நிழல்படம்

இல்லை செல்வி மேடம், உங்களுடையது வேறு. உங்கள் பக்கம் முழுக்க ஒரே மாதிரி, வெளிச்சம்தான் சீராக இல்லை. அதற்கு அடாப்டிவ் முறையைத் தேர்ந்தெடுத்தது சரியே. வரிசையைத்தான் மாற்ற வேண்டும்: முதலில் தலைகீழாக்குங்கள், பிறகு அடாப்டிவ்.

காரணம் சொல்கிறேன். ஓட்சு ஒரே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து மேலே கீழே என்று பிரிக்கிறது, அதனால் முன்னால் தலைகீழாக்கினாலும் பின்னால் தலைகீழாக்கினாலும் பலன் ஒன்றுதான். அடாப்டிவ் அப்படியல்ல. ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுவட்டாரச் சராசரியோடு ஒப்பிடும், அந்தச் சராசரியிலிருந்து C என்ற எண்ணைக் கழித்துவிட்டு ஒப்பிடும். கழிப்பது எதற்கென்றால், வெறும் காகிதம் தன் சராசரிக்குச் சமமாகத்தான் இருக்கும், கொஞ்சம் கழித்தால்தான் அது உறுதியாக வெள்ளைப் பக்கம் விழும். ஆக இந்த முறை வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்று நினைத்தே அமைக்கப்பட்டது.

உங்கள் நெகடிவை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? வெறும் கறுப்புப் பகுதி தன் சராசரிக்குச் சமம், சராசரி கழித்தல் C-ஐ விட மேலே, அதனால் வெள்ளை ஆகிவிடும். எழுத்து சராசரியைவிடப் பிரகாசம், அதுவும் வெள்ளை. மிச்சமிருப்பது எழுத்தை ஒட்டியுள்ள கறுப்புப் புள்ளிகள் மட்டும். பக்கத்திலுள்ள எழுத்து அங்கே சராசரியை உயர்த்திவிடுவதால் அவை மட்டும் கீழே விழுந்து கறுப்பாகும். நீங்கள் பார்க்கும் ஓரக்கோடு அதுதான், எழுத்தின் கோடு இல்லை, எழுத்தைச் சுற்றியுள்ள பின்னணி.

```python
g = 255 - g
b = cv2.adaptiveThreshold(g, 255, cv2.ADAPTIVE_THRESH_GAUSSIAN_C,
                          cv2.THRESH_BINARY, 51, 15)
```

51 என்பது சுற்றுவட்டாரத்தின் அகலம், ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும். அது எழுத்தின் கோட்டுத் தடிமனைப் போலப் பல மடங்கு இருக்கட்டும். சின்னதாக வைத்தால் தடித்த தலைப்பு எழுத்துகளின் நடுப்பகுதி மறுபடியும் காலியாகும். 15-ஐக் கூட்டினால் பின்னணித் தூசி போகும், ஆனால் மெல்லிய கோடுகளும் போகும். அதை உங்கள் படத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏட்டுச்செல்வி

செய்தேன், எழுத்து முழுதாக நிரம்பி வருகிறது! ஆனால் ஃபிலிமில் இருந்த கீறல்கள் இப்போது கறுப்புக் கோடுகளாகத் தெரிகின்றன, செங்குத்தாக இருப்பவற்றை 1 என்று படிக்கிறது. தூசிக்காக `medianBlur` 3 போட்டால் தசமப் புள்ளி போய்விடுகிறது. சில பக்கங்களில் தமிழ்த் தலைப்பும் உண்டு, அங்கே மெய்யெழுத்தின் புள்ளியும் சேர்ந்து போய்விடுகிறது. தூசிக்கும் புள்ளிக்கும் ஒரே அளவு என்றால் என்ன செய்வது?

எண்ணெழுத்து

அளவை வைத்து மட்டும் பிரிக்க முடியாது மேடம், இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். `cv2.connectedComponentsWithStats` ஒவ்வொரு துணுக்குக்கும் பரப்பும் இடமும் தரும். சின்னத் துணுக்கு ஒன்றின் பக்கத்தில், ஒரு எழுத்தின் அகலத்துக்குள், பெரிய துணுக்கு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக வெட்டவெளியில் கிடந்தால் அழித்துவிடுங்கள். எழுத்துக்கு நடுவில் விழுந்த தூசி தப்பிக்கும்தான், ஆனால் புள்ளி பிழைக்கும். எண் அட்டவணையில் தூசியைவிடத் தசமப் புள்ளி முக்கியம். கீறல் பக்கத்தின் உயரம் முழுக்க ஓடுகிறதென்றால் நீளத்தை வைத்தே பிடித்துவிடலாம், எழுத்தின் மேல் ஏறிப் போகும் கீறலுக்கு என்னிடம் பதில் இல்லை.

மில்காரன்

நிழல்படம் சார், கட்டம் கட்டமாக வெட்டிவிட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் சராசரி 127-க்குக் கீழே இருந்தால் தலைகீழாக்கச் சொன்னேன். கருநீலமும் தேர்ந்தெடுத்த வரியும் சரியாகிவிட்டன. ஆரஞ்சு மட்டும் இன்னும் வரவில்லை. காலிக் கட்டங்களில் இருந்து புதிதாகக் குப்பை எழுத்து வேறு வருகிறது.

நிழல்படம்

ஆரஞ்சு 173 என்று பார்த்தோமே, அது 127-க்கு மேலே. அதனால் உங்கள் விதி அதை வெளிச்சமான பின்னணி என்று நினைத்துத் தலைகீழாக்காமல் விட்டுவிடுகிறது. 127 என்ற நிலையான எண்ணை விடுங்கள். அந்தக் கட்டத்தின் மிகக் குறைந்த மதிப்புக்கும் மிக அதிக மதிப்புக்கும் நடுவே உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆரஞ்சில் அது 173-க்கும் 255-க்கும் நடு, அதாவது 214. பின்னணி அதற்குக் கீழே, ஆகவே தலைகீழாக்கு. பின்னணியை அறிய சராசரிக்குப் பதில் மீடியன் எடுங்கள். கட்டத்தில் பாதிக்கு மேல் பின்னணிதான் இருக்கும், எனவே மீடியன் நேரே பின்னணி நிறத்தையே காட்டும். சராசரியை எழுத்து இழுத்துவிடும்.

காலிக் கட்டத்துக்கு வருவோம். ஓட்சுவுக்கு "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லத் தெரியாது. ஒரே நிறக் கட்டம் கொடுத்தாலும் அதிலுள்ள சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுத்து மாதிரி ஒன்றை உருவாக்கிவிடும். ஆகவே குறைந்த மதிப்புக்கும் அதிக மதிப்புக்கும் வித்தியாசம் 40-க்குக் கீழே என்றால் அந்தக் கட்டத்தை டெசராக்டுக்கு அனுப்பவே வேண்டாம். ஆனால் வெட்டும்போது கட்டக் கோடு உள்ளே வந்துவிட்டால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும், ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று பிக்சல் உள்ளே தள்ளி வெட்டுங்கள். சிலர் இந்த வித்தியாசத்தை 5 சதவீதம், 95 சதவீதம் என்று ஓரத்தை வெட்டி அளப்பார்கள். அகலமான கட்டத்தில் ஒற்றை இலக்கம் மட்டும் இருந்தால் அந்த இலக்கமே 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும், அதையும் காலி என்று தள்ளிவிடுவீர்கள். பிஎன்ஜி என்பதால் முழு வீச்சையே எடுக்கலாம்.

இன்னொன்று, சாம்பலாக்குவதையே விட்டுவிடுங்கள். மூன்று நிற வாய்க்கால்களில் எதில் வீச்சு அதிகமோ அதை மட்டும் எடுங்கள். வெள்ளை எழுத்தும் ஆரஞ்சும் நீல வாய்க்காலில் 255-க்கு 0. சாம்பலில் 82 புள்ளிதான் இருந்தது, இங்கே முழு வீச்சும் கிடைக்கிறது. கருநீலத்தின் மேல் சிவப்பு எழுத்து, சிவப்பு வாய்க்காலில் 255-க்கு 16. சாம்பலில் 52 தான்.

```python
def prep(c):
    rng = lambda x: int(x.max()) - int(x.min())
    ch = max(cv2.split(c), key=rng)
    if rng(ch) < 40:
        return None
    mid = (int(ch.max()) + int(ch.min())) / 2
    if np.median(ch) < mid:
        ch = 255 - ch
    ch = cv2.resize(ch, None, fx=3, fy=3, interpolation=cv2.INTER_CUBIC)
    _, b = cv2.threshold(ch, 0, 255, cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
    return cv2.copyMakeBorder(b, 20, 20, 20, 20,
                              cv2.BORDER_CONSTANT, value=255)
```

மூன்று மடங்கு பெரிதாக்கியது, உங்கள் திரையில் இலக்கம் 10 பிக்சல் உயரம் இருக்கும் என்ற கணக்கில். 30 பிக்சல் பக்கம் வந்தால் டெசராக்டுக்கு வசதி. பெரிதாக்குவதைக் கறுப்பு வெள்ளையாக்குவதற்கு முன் செய்ய வேண்டும். திரை எழுத்தின் ஓரத்தில் இடைநிலைச் சாயல்கள் இருக்கும், அவை இருக்கும்போது பெரிதாக்கினால் வளைவு வளைவாக வரும். அவற்றை அழித்துவிட்டுப் பெரிதாக்கினால் படிக்கட்டாக வரும், 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியாது.

கோடுவேலன்

எல்லா வாய்க்காலிலும் பெரிய மதிப்பை எடுத்தால் போதாதா? `np.max(img, axis=2)` ஒரே வரி. கறுப்புப் பின்னணியில் எந்த நிற எழுத்தும் பளிச்சென்று வரும். சிவப்பும் 255, வெள்ளையும் 255.

நிழல்படம்

கறுப்புப் பின்னணிக்கு மட்டும் என்றால் அது நல்ல வழி, நானும் பயன்படுத்துவதுண்டு. ஆனால் ஆரஞ்சின் பெரிய மதிப்பு 255, வெள்ளையின் பெரிய மதிப்பும் 255. எழுத்து சுத்தமாக மறைந்துவிடும். நிறம் எழுத்தில் இருக்கும்போது உதவுவது, நிறம் பின்னணியில் இருக்கும்போது கெடுக்கும்.

எண்ணெழுத்து

நிழல்படத்தோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். தலைகீழாக்குவதும் வாய்க்கால் தேர்வும் சரி. ஆனால் அந்த ஓட்சு வரி எதற்கு? டெசராக்ட் 4-க்குப் பிறகு எழுத்தைப் படிக்கும் நரம்பு வலைப் பகுதி சாம்பல் படத்தையே எடுத்துக்கொள்கிறது, வரியைக் கண்டுபிடிக்கத்தான் கறுப்பு வெள்ளை தேவை. அந்த வேலையை அது தானே செய்துகொள்ளும். நாம் முன்கூட்டியே கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தால் எழுத்தோரச் சாயல்களை நாமே தூக்கி எறிகிறோம். தலைகீழாக்கி, வீச்சை 0 முதல் 255 வரை இழுத்து, சாம்பலாகவே கொடுப்பது என் வழக்கம். திரை எழுத்தில் இதுதான் எனக்கு நன்றாக வருகிறது.

நிழல்படம்

படிக்கும் பகுதி சாம்பலைப் பார்க்கிறது என்பது சரிதான். தனிக் கட்டமாக, சுத்தமான திரைப் படமாக இருந்தால் உங்கள் வழிக்கு நான் எதிரியில்லை. ஆனால் கட்டத்தின் பின்னணியில் சாயல் மாற்றமோ நிறப் பட்டையோ இருந்தால் அது சாம்பலில் அப்படியே போய்ச் சேரும். கறுப்பு வெள்ளையாக்கினால் என்ன போகிறது என்று எனக்குக் கண்ணால் தெரிகிறது, அதற்காகத்தான் நான் அதை விடாமல் வைத்திருக்கிறேன். மில்காரன் இரண்டையும் ஓட்டிப் பார்த்து எதில் பிழை குறைவு என்று சொல்லட்டும்.

எண்ணெழுத்து

சரி, அளந்து பார்க்கட்டும். ஜேபெக் படமாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை: அங்கே நிற விவரம் பெரும்பாலும் பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கப்படும். வாட்ஸாப்பில் வந்த திரைப் படத்தில் ஒற்றை வாய்க்காலை எடுத்தால் எழுத்தைச் சுற்றிக் கறை கறையாக வரும். அங்கே சாம்பல்தான் மேல், சிவப்பு எழுத்து கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. அனுப்புகிறவர்களிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

மில்காரன்

என்னுடையது பேனலில் இருந்து நேராக எடுத்த பிஎன்ஜி, அதனால் அந்தத் தொல்லை இல்லை. ஆரஞ்சும் சிவப்பும் வந்துவிட்டன! இப்போது வேகம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் டெசராக்டைத் தனியாக எழுப்புவதால் ஒரு படத்துக்கு வெகு நேரம் ஆகிறது. அறுப்புப் பத்தியில் 0, 7 என்று ஒற்றை இலக்கம் இருந்தால் `--psm 7` பல நேரம் ஒன்றுமே தருவதில்லை.

செயல்திறன் பத்தியில் எண்ணுக்குப் பின்னால் பச்சைப் பட்டை ஒன்று ஓடும். பாதிப் பட்டை என்றால் எண்ணின் பாதி பச்சை மேலும் பாதி கருநீலம் மேலும் இருக்கும். அது கெடும் என்று நினைத்தேன், ஆச்சரியமாகச் சரியாகவே வருகிறது.

நிழல்படம்

பட்டை முழுப் பச்சை என்றால் சிவப்பு, நீலம் இரண்டு வாய்க்காலிலும் அதன் மதிப்பு 0 பக்கம், கருநீலமும் அங்கே குறைவு. இரண்டு பின்னணியும் ஒரே இருட்டாகிவிட்டன, எழுத்து மட்டும் 255. வாய்க்கால் தேர்வு தற்செயலாகக் காப்பாற்றியிருக்கிறது. பட்டை வெளிர் சாம்பலாக இருந்திருந்தால் எந்த வாய்க்காலும் உதவியிருக்காது, கட்டத்தைப் பட்டையின் விளிம்பில் இரண்டாக வெட்ட வேண்டியிருக்கும்.

வேகத்துக்கு இப்படிச் செய்யுங்கள். சுத்தம் செய்த கட்டங்களை ஒரு பெரிய வெள்ளைப் படத்தில் அவை இருந்த அதே இடங்களில் திரும்ப ஒட்டுங்கள். மூன்று மடங்கு பெரிதான படம், கட்டக் கோடு கிடையாது, எல்லாமே வெள்ளையில் கறுப்பு. அதை ஒரே தடவை ஓட்டுங்கள்:

```
tesseract page.png out --psm 6 -c tessedit_char_whitelist=0123456789. tsv
```

டிஎஸ்வி ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் தரும், அதை வைத்து எந்தப் பத்தி எந்த வரி என்று பொருத்திக்கொள்ளலாம். ஒட்டும்போது அந்த 20 பிக்சல் ஓரம் பக்கத்துக் கட்டத்தின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வழியில் ஓரமே வேண்டாம். இதிலும் எண் வராமல் போன, ஆனால் காலியில்லாத கட்டங்களை மட்டும் தனியாக `--psm 10`-இல் அனுப்பினால் ஒற்றை இலக்கமும் கிடைக்கும்.

அப்புறம் உங்கள் அட்டவணையில் கீழே மொத்தக் கிலோ வரி இருக்கிறதா?

மில்காரன்

இருக்கிறது சார். நேற்றுப் பார்த்த ஒரு படத்தில் திரையில் மொத்தம் 3312.6. நான் படித்த 24 இயந்திரங்களைக் கூட்டினால் 4558.2 வருகிறது.

நிழல்படம்

வித்தியாசம் 1245.6. அதை 9 ஆல் வகுத்துப் பாருங்கள், 138.4. ஏதோ ஒரு இயந்திரம் 1384 என்று பதிவாகியிருக்கும். தசமப் புள்ளி விழுந்துவிட்டால் மதிப்பு பத்து மடங்காகும், ஆகவே வித்தியாசம் எப்போதும் உண்மை மதிப்பின் ஒன்பது மடங்கு. 9 ஆல் வகுத்து வருவதைப் பத்தால் பெருக்கி, அந்த எண் பட்டியலில் இருந்தால் குற்றவாளி அதுதான். இதை நிரலிலேயே எழுதிவிடலாம். எல்லா எண்ணுக்கும் ஒரே ஒரு தசம இடம்தான் என்றால் புள்ளி இல்லாத எண்ணை முதலிலேயே பிடித்துவிடலாம் என்பது வேறு.

மொத்தம் சரியாக வரும் படத்தை நம்பலாம், வராத படத்தை மட்டும் கண்ணால் பாருங்கள். டெசராக்ட் தரும் நம்பிக்கை எண்ணை நான் இதற்கு நம்புவதில்லை, 8 என்று தப்பாகப் படித்துவிட்டு 95 என்று உறுதியாகச் சொல்லும்.

மில்காரன்

1384 இருந்தது! 11-ஆம் இயந்திரம். படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி அதற்கு முந்தைய 8-ஓடு ஒட்டியிருக்கிறது.

எண்ணெழுத்து கேட்டபடி இரண்டு வழியிலும் ஓட்டினேன். சாம்பலாகவே கொடுத்தால் புள்ளி ஒட்டும் பிழை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஆரஞ்சுக் கட்டங்களில் கறுப்பு வெள்ளை கொஞ்சம் மேல். ஏன் என்று புரியவில்லை. இரண்டு வழியிலும் மாறாத பிழை ஒன்று இருக்கிறது: இந்தத் திரையின் எழுத்துருவில் பூஜ்யத்துக்குள் சாய்கோடு இருக்கும், அதை அடிக்கடி 8 என்று படிக்கிறது. மொத்தத்தில் வித்தியாசம் 8, 80, 0.8 என்று வந்தால் அதுதான் என்று கண்டுபிடிக்க முடிகிறது, ஆனால் திருத்துவது யார்?

எண்ணெழுத்து

கறுப்பு வெள்ளையாக்கும்போது சாய்கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளி அடைத்துக்கொள்ளும், 8-க்கு இருப்பது போல இரண்டு ஓட்டை மட்டும் மிஞ்சும். சாம்பலில் கொடுத்தும் வருகிறதென்றால் பெரிதாக்குவதை நான்கு மடங்காக்கிப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் அந்த எழுத்துருவுக்கு டெசராக்டைப் பழக்க வேண்டும்.

நிழல்படம்

பழக்குவதற்கு முன் ஒன்று. திரை எழுத்துருவில் ஒரு 0 இருந்தால் எல்லா 0-வும் ஏறக்குறைய பிக்சலுக்குப் பிக்சல் அதேதான். பத்து இலக்கம், ஒரு புள்ளி, ஆக பதினோரு மாதிரிப் படம். தலைகீழாக்கி சாம்பலாக வைத்த கட்டத்தில், பெரிதாக்காமலே, `cv2.matchTemplate`-ஐ `TM_CCOEFF_NORMED` வைத்து ஓட்டினால் 0-வும் 8-ம் குழம்பாது. எல்லாக் கட்டத்துக்கும் வேண்டாம், மொத்தம் ஒத்துவராத படங்களில் 8 என்று வந்த இலக்கங்களை மட்டும் மறுபடி பாருங்கள். ஆனால் எழுத்து அரைப் பிக்சல் தள்ளி வரையப்பட்டால் மாதிரியின் மதிப்பெண் இறங்கும், ஒவ்வொரு இலக்கத்துக்கும் இரண்டு மூன்று மாதிரி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏட்டுச்செல்வி

இது எனக்கு உதவாதே! என் ஃபிலிமில் ஒவ்வொரு 3-ம் ஒவ்வொரு மாதிரி.

நிழல்படம்

உங்களுக்கு உதவாது மேடம், அச்சு எழுத்துக்கு டெசராக்ட்தான். ஆனால் மக்கள்தொகை அட்டவணையில் ஆண், பெண், மொத்தம் என்று பத்திகள் இருக்குமே. வரிக்கு வரி கூட்டிப் பார்த்தால் கீறலால் வந்த 1 எல்லாம் அங்கேயே மாட்டும்.

மில்காரன்

மாதிரிப் படங்களை வெட்டத் தொடங்கிவிட்டேன். 0, 8, 6 மூன்றும் முதலில். தேர்ந்தெடுத்த வரியில் எழுத்துக் கறுப்பு என்பதால் அங்கே எழுத்தோரம் வேறு மாதிரி இருக்கிறது, அதற்குத் தனி மாதிரி தேவைப்படுமா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.